எச்சரிக்கைக் கடிதத்துக்கு முந்தைய காகிதங்கள்

"மலேசியத் தோட்டப் பட்டணம் ஒன்றில் நடக்கும் சிறுகதை எழுதுகிறேன். செம்பனை ஆலையில் ஒரு குழுவுக்கு மேலாளராக இருப்பவன் தன் உயிர் நண்பனுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுத வேண்டும். இரவெல்லாம் தவிக்கிறான், காலையில் எழுதிக் கொடுக்கிறான், நட்பு முறிகிறது. இவ்வளவுதான் கையில் இருக்கிறது. தட்டையாக இருக்கிறது. உண்மையில் இது எப்படி நடக்கும்? கதை எங்கே இருக்கிறது?"

கடிதத்தை முதல் காகிதமாக நினைத்திருக்கிறீர்கள், அதனால்தான் தட்டையாக இருக்கிறது. ஆலையில் அது மூன்றாவதோ நான்காவதோ காகிதம். அது மேசைக்கு வரும்போது முக்கியமான எல்லாம் முடிந்திருக்கும். கையெழுத்து மட்டும் பாக்கி இருக்கும். ஒரு தோட்டக் கம்பெனியின் பணியாளர் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எச்சரிக்கைக் கடிதத்தால் நட்பு முறிந்து நான் பார்த்தது குறைவு. முறிப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வேறு ஏதாவது ஒன்றாக இருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை உங்கள் கதையையே நடத்திப் பார்த்துச் சொல்கிறேன். ஆட்களும் சம்பவமும் கற்பனை, நடைமுறை கற்பனை அல்ல.

இடத்தைப் பெஸ்தாரி ஜெயா என்று வைத்துக்கொள்வோம். 2007இல் பெயர் மாற்றினார்கள், ஆனால் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். சுற்றிலும் செம்பனை. மேலாளன் குணசேகரன், நண்பன் மணிமாறன். ஒரே லயத்தில் பிறந்து, ஒரே தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தோட்டம் கைமாறி லயம் இடிக்கப்பட்டபோது இரண்டு குடும்பமும் பட்டணத்து மலிவு விலை அடுக்கு வீட்டுக்கு வந்தன. மாறனின் மனைவிக்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அதனால் மகளின் காதுகுத்தில் தாய்மாமன் இடத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் குணா. இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நட்பின் ஆழத்தைக் காட்ட பால்ய காலத்துக்குப் போய் மூன்று பக்கம் எழுத வேண்டாம். மடியில் உட்கார்ந்த பிள்ளையே போதும்.

இப்போது சம்பவம். எதற்காக எச்சரிக்கை என்று நீங்கள் சொல்லவே இல்லை. கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் 'அடிக்கடி தாமதம்' என்று எதையாவது வைத்துவிடுவார்கள். தாமதத்தில் ஆழம் இல்லை. ஆலைக்கே உரிய ஒரு தவறு வேண்டும். மாறனை ஸ்டெரிலைசரில் நிறுத்துங்கள்.

ஸ்டெரிலைசர் என்பது படுக்க வைத்த நீண்ட இரும்பு உருளை. செம்பனைக் குலைகளை ஏற்றிய கூண்டு வண்டிகளைத் தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, கதவை இறுக்கி, நீராவி விட்டு வேகவைப்பார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மூன்றாம் முறை 3 பார் அளவுக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைப்பது வழக்கமான முறை. இந்த வேக்காட்டில்தான் காய்கள் குலையிலிருந்து கழலும் பக்குவத்துக்கு வருகின்றன, எண்ணெயைக் கெடுக்கும் நொதியும் சாகிறது. சரியாக வேகாத குலை அடுத்த கட்டத்தில் காட்டிக்கொடுத்துவிடும். உதிர்க்கும் உருளையில் போட்டு அடித்தாலும் காய் உதிராமல், வெறும் குலை போகவேண்டிய பட்டையில் காயோடு போகும். அழுத்தம் முழுதும் இறங்காமல் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஆலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இடத்தை விட்டு ஆள் நகரக் கூடாது. கால் மணிக்கு ஒரு முறை அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இரவு ஷிப்ட். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு குணா ஸ்டெரிலைசர் பக்கம் வருகிறான். ஆள் இல்லை. பதிவேடு திறந்து கிடக்கிறது. 2.00, 2.15, 2.30 என்று வரிசையாக எண்கள், மாறனின் சாய்வான கையெழுத்தில். அடுத்த வரியில் 2.45. அதற்கு எதிரிலும் அழுத்தம் எழுதியிருக்கிறது. அதற்கடுத்து 3.00. அதற்கடுத்து 3.15. இன்னும் வராத நேரத்துக்கெல்லாம் அழுத்தம் எழுதியாகிவிட்டது, எல்லாம் ஒரே பேனா, ஒரே அழுத்தம். சுவரில் இருக்கும் வட்டத்தாள் பதிவுக் கருவியின் முள் வேறு கதை வரைந்திருக்கிறது. மாலை மழையில் எரிக்கும் நார் நனைந்து கொதிகலனில் நெருப்புத் தளர்ந்ததால், இரண்டேகாலுக்குப் பிறகு நீராவி இறங்கிக் கிடந்திருக்கிறது. பதிவேட்டில் மட்டும் அது இறங்கவே இல்லை.

இந்தக் காட்சியில் நிதானமாக நில்லுங்கள். குணா கத்தக் கூடாது, தேடி ஓடவும் கூடாது. முதலில் அவன் செய்யவேண்டியது, உட்கார்ந்து அந்தச் சுற்றைப் பத்திரமாக முடிப்பது. முடித்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போகிறான். மாறன் தன் பழைய காரில் இருக்கையைச் சாய்த்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான். செருப்பு வெளியே, கதவோரம், கோயில் வாசலில் விடுவதுபோல் ஒழுங்காக விடப்பட்டிருக்கிறது.

விடியும்போது இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். உதிர்ப்பு உருளையில் நிற்கும் ஹாஷிம், காயோடு வந்த குலைகளைப் பார்த்துவிடுகிறான். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. போன ஆண்டு இடத்தை விட்டு நகர்ந்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன் அவன். எழுதிக் கொடுத்ததும் குணாதான். இரண்டாவது, ஷிப்ட் முடிந்ததும் பதிவேட்டின் அடியில் குணா கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் கதையின் முதல் முடிச்சு இதுதான், கடிதம் அல்ல. பொய் என்று தெரிந்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் பொய் இரண்டு பேருடையதாகிவிடும். போடாவிட்டால், ஏன் போடவில்லை என்று காலையில் யாராவது கேட்பார்கள். இரவெல்லாம் தவிக்க வைக்க வேண்டும் என்றால் இங்கே தவிக்க வையுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

குணா பதிவேட்டைக் கிழிப்பதில்லை, வெள்ளை மையும் பூசுவதில்லை. முன்கூட்டி எழுதிய வரிகளின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, தான் பார்த்த அழுத்தத்தைப் பக்கத்தில் எழுதி, நேரம் போட்டு, சுருக்கொப்பம் வைக்கிறான். கோட்டுக்கு அடியில் பழைய எண்கள் படிக்கும்படியே இருக்கின்றன. ஆலையில் பதிவேட்டைத் திருத்தும் ஒழுங்கான முறை இதுதான். அந்தக் கோட்டை இழுத்த கணத்திலேயே எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். மற்றதெல்லாம் தட்டச்சு.

அடுத்த காட்சி ஆலை மேலாளரின் அறை. குணா சம்பவ அறிக்கையை நீட்டிவிட்டு, "மாறன் என் நண்பன், ஐயா. இதை வேறு யாராவது பார்த்தால் நல்லது" என்கிறான். மேலாளர் அறிக்கையிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்தப் பட்டணத்தில் யாருக்கு யார் நண்பன் இல்லை?" என்கிறார். ஆனால் குணா சொன்னது சரியான வார்த்தை. பார்த்தவன் சாட்சி. சாட்சியே புகார்தாரராக இருக்கலாம், தீர்ப்புச் சொல்பவராக இருக்கக் கூடாது. ஆகவே முடிவை ஆலை மேலாளரும் பணியாளர் பிரிவும் எடுப்பார்கள். குழுவின் தலைவன் என்ற முறையில் கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது மட்டும் குணாவின் வேலை. தீர்ப்பு அவனுடையது அல்ல, கையெழுத்து மட்டும் அவனுடையது. இது அவனுக்கு ஆறுதலா தண்டனையா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேலாளர் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "இதற்கு முன்பும் இப்படித்தானாமே. இரண்டு முறை வாயால் சொல்லி விட்டாயாம். அதையும் சேர்த்து எழுது. கனமாக இருக்கும்." இங்கே உங்கள் வாசகர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. சேர்க்க முடியாது. ஒரு தவறு தெரிந்தும் நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காமல் விட்டால், நிர்வாகம் அதைப் பொறுத்துக்கொண்டது என்றுதான் தொழிலியல் வழக்குகளில் பொருள்கொள்வார்கள். பதிவும் இல்லை, தேதியும் இல்லை. குணா நண்பனுக்காக விட்டுக்கொடுத்த இரண்டு இரவுகள் இப்போது சட்டப்படியும் இல்லாமல் போய்விட்டன. நட்பினால் செய்த காரியம் அலுவலக வழியில் நண்பனைக் காப்பாற்றுகிறது. ஆனால் அதே காரியம் ஹாஷிமின் கண்ணில் எப்படி இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அவனை யாரும் வாயால் சொல்லிவிட்டு விடவில்லை.

இனி நீங்கள் விட்டுவிட்ட காகிதம். எச்சரிக்கைக்கு முன்னால் விளக்கம் கேட்கும் கடிதம் போகும். மலாயில் 'சூராட் துஞ்சுக் செபாப்' என்பார்கள். தோட்டத்து ஆட்களும் தமிழ் பேசும்போது அப்படியேதான் சொல்வார்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம், இன்ன செயல், உன்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இத்தனை நாளுக்குள் எழுதிக் கொடு. அவ்வளவுதான் அதில் இருக்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தவறான நடத்தைக்குத் தண்டனை தருமுன் முறையான விசாரணை வேண்டும் என்கிறது. வேலை நீக்கம், பதவி இறக்கம் என்றால் உள்விசாரணைக் குழு உட்கார்ந்து சாட்சிகளைக் கேட்பது வழக்கம். எச்சரிக்கையோடு நிற்கும் விஷயத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு, வந்த பதிலைப் பரிசீலித்து முடித்துவிடுவார்கள். மாறனின் விஷயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இடத்தில் இல்லாதது ஒன்று, பதிவேட்டில் பொய் எழுதியது இன்னொன்று. இரண்டாவதை நிர்வாகம் நேர்மைக் கேடு என்று எடுத்துக்கொண்டால் விசாரணைதான். விசாரணைக்காக இரண்டு வாரம் வரை பாதிச் சம்பளத்தில் வெளியே நிறுத்தி வைக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதியைத் தந்துவிட வேண்டும் என்பது வேறு விஷயம். பாதிச் சம்பளம் என்ற பேச்சு மாறனை எதற்காக நடுங்க வைக்கிறது என்பதுதான் கதையின் நடுப்பகுதி.

அன்று மாலை அவன் குணாவின் வீட்டுக்கு வருகிறான். கடிதத்தை மேசையில் வைக்கிறான். குணாவின் மனைவி தே ஓ கலந்து வைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

"என்ன எழுத வேண்டும் என்று நீயே சொல்."

"நான் சொல்லக் கூடாது, மாறா."

"உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுகிறேன்."

"எம்சி எங்கே என்று கேட்பார்கள்."

பிறகுதான் மாறன் சொல்கிறான். வட்டிக்காரனிடம், ஆலோங்கிடம், வாங்கிய கடன். வாரம் ஒரு தவணை. அதை அடைக்க, இரவு ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு, ஒரு உறவுக்காரரின் மணல் லாரியை மதியம் மூன்று வரை ஓட்டுகிறான். தூக்கம் என்பது நாலு மணிக்கு மேல், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து தொலைக்காட்சி போட்ட வீட்டில். மனைவிக்குக் கடன் தெரியாது. லாரி கூடுதல் வருமானம் என்று மட்டும் தெரியும்.

"இதை எழுது. இரக்கப்படுவார்கள்."

"எழுதினால்? வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே. அது இரண்டாவது குற்றம்."

இதுதான் முடிச்சு. தண்டனையைக் குறைக்கக்கூடிய ஒரே காரணம், அதுவே தனியாக ஒரு குற்றம். சொன்னால் ஒரு தவறு லேசாகி இன்னொன்று பிறக்கும். சொல்லாவிட்டால் காரணமே இல்லாமல் தூங்கியவன் ஆவான். இந்த இடத்தை நீங்கள் கற்பனையில் தேட வேண்டியதில்லை. விளக்கக் கடிதங்கள் ஏன் எப்போதும் 'மன்னிக்கவும், இனி நடக்காது' என்று இரண்டு வரியில் முடிகின்றன என்று பணியாளர் பிரிவில் இருந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். காரணம் இல்லாமல் அல்ல, எழுதக்கூடிய காரணம் இல்லாமல்.

குணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்கிறான்: "உண்மை முழுவதையும் எழுத வேண்டாம். பொய்யை மட்டும் எழுதாதே. இடத்தில் இல்லை, தூங்கிவிட்டேன், முன்கூட்டி எழுதியதும் நான்தான் என்று எழுது. குடும்பத்தில் நெருக்கடி என்று ஒரு வரி போடு. கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

அலுவலக முறையில் பார்த்தால் இங்கே குணா கோட்டைத் தாண்டிவிட்டான். சாட்சியாக இருப்பவன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் பதில் சொல்லிக் கொடுக்கக் கூடாது. என் மேசைக்கு இது தெரியவந்திருந்தால் குணாவுக்கும் ஒரு கடிதம் போயிருக்கும். ஆனால் கதையில் இதை எடுத்துவிடாதீர்கள். அப்பழுக்கில்லாத மேலாளனை யாரும் நம்ப மாட்டார்கள். தவிர, அந்த அறிவுரை பலன் தருகிறது. மறைக்காமல் ஒப்புக்கொண்ட பதில், நீண்ட வேலைக்காலம், கோப்பில் வேறு கறை இல்லை. ஆலை மேலாளரும் பணியாளர் பிரிவும் எழுத்து மூலமான எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது கடிதம். எப்படியும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. மலாயில் இருக்கும். தமிழில் அதன் நடு இப்படி வரும்:

"தாங்கள் இன்ன தேதி இரவு ஷிப்டில், காலை 2.40 மணிக்கு, ஸ்டெரிலைசர் இயங்கிக்கொண்டிருந்தபோது அனுமதியின்றிப் பணியிடத்தில் இல்லாததும், 2.45 முதல் 3.15 வரையிலான அழுத்த அளவுகளை அந்த நேரங்கள் வருமுன்பே பதிவேட்டில் எழுதியதும் கண்டறியப்பட்டது. தங்கள் எழுத்து மூலமான விளக்கம் பரிசீலிக்கப்பட்டது. இது நிறுவன விதிகளுக்கும் பாதுகாப்பு நடைமுறைக்கும் முரணானது. தாங்கள் இதன்மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள். இத்தகைய செயல் மீண்டும் நிகழ்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படலாம்."

இதில் என்னென்ன இல்லை என்று பாருங்கள். 'பொறுப்பற்றவர்' என்று இல்லை. 'பலமுறை' என்று இல்லை. லாரி இல்லை. குணாவின் முதல் வரைவில் இதெல்லாம் இருக்கட்டும். நண்பனுக்கு எழுதும்போது கை இரண்டு பக்கமும் வழுக்கும். ஒரு பக்கம், 2.45 முதல் 3.15 என்ற பகுதியையே விட்டுவிட்டு வெறும் 'கவனக்குறைவு' என்று எழுதத் தோன்றும். இன்னொரு பக்கம், சலுகை காட்டியதாக ஹாஷிம் நினைத்துவிடக் கூடாது என்று தேவைக்கு மேல் கடுமையாக எழுதத் தோன்றும். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. அன்னியனுக்கு எழுதாத உரிச்சொற்களை நண்பனுக்கு எழுதுவார்கள். இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. குணா, ஹாஷிமுக்குப் போன ஆண்டு எழுதிய கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான். அதில் என்ன தொனியோ இதிலும் அதே தொனி. பதிவேட்டு வரி மட்டும் கூடுதல், ஏனென்றால் ஹாஷிம் அதைச் செய்யவில்லை.

துல்லியமாக எழுதுவதில் மாறனுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஒரு செயலுக்கு எச்சரிக்கை கொடுத்து முடித்துவிட்டால், அதே செயலுக்காகப் பிறகு வேறு தண்டனை தருவது நியாயமில்லை என்பது தொழில் நீதிமன்றத்தில் எடுபடும் வாதம். பதிவேட்டு விஷயத்தைக் கருணையோடு விட்டுவிட்டால், அது தண்டிக்கப்படாத தனிக் குற்றமாக எங்கோ கிடக்கும். அடுத்த மாதம் வேறொரு மேலாளர் வந்து கோடு இழுத்த பக்கத்தைப் புரட்டினால் அதைத் தூக்கிப் பிடிக்கலாம். எழுதிவிட்டால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும். மாறனுக்கு இது புரிய வேண்டியதில்லை. குணாவுக்குப் புரிந்தால் போதும்.

ஒரு சிறு எச்சரிக்கை உங்களுக்கும். கதாபாத்திரம் யாராவது 'மூன்று கடிதம் வந்தால் வேலை போய்விடும்' என்று சொன்னால், அதை அந்தக் கதாபாத்திரத்தின் நம்பிக்கையாக மட்டும் வையுங்கள். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலைச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. பெரிய தவறு என்றால் முதல் முறையே விசாரணை வைத்து நீக்கலாம். சிறிய தவறுக்குப் பத்துக் கடிதம் இருந்தாலும் ஒவ்வொன்றும் எதற்காக என்றுதான் பார்ப்பார்கள். கதைசொல்லியின் குரலில் அது உண்மையாக வந்துவிடக் கூடாது.

இனிக் கடைசிப் பகுதி. லாரி விஷயத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று குணா வாக்குக் கொடுத்திருக்கிறான். காப்பாற்றவும் செய்கிறான். ஆனால் தூக்கமில்லாத ஒருவன் வாரத்தில் ஆறு இரவு அழுத்தக் கலனின் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பதும் இப்போது அவனுக்குத் தெரியும். தெரியாத வரைக்கும் அது விபத்து. தெரிந்த பிறகு அது விபத்து அல்ல. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிக்கு மட்டுமல்ல, தன் செயலால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் கடமையைத் தொழிலாளிக்கும் வைக்கிறது. குணாவும் சம்பளம் வாங்கும் தொழிலாளிதான். கூண்டு வண்டி தள்ளும் இரண்டு பையன்கள் அந்தக் கதவுக்கு எதிரில்தான் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் வங்காளதேசத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

ஆகவே அவன் ஆலை மேலாளரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், மாறனைக் கொஞ்ச காலம் பகல் ஷிப்டுக்கு, குலை இறக்கும் மேடைக்கு மாற்றும்படி கேட்கிறான். அதே பதவி, அதே அடிப்படைச் சம்பளம். பணியாளர் பிரிவிலிருந்து ஒரு திருத்தம் வரும். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்: இடமாற்றத்தைக் கடிதத்திலேயே சேர்க்காதே, தனிக் காகிதமாக, பாதுகாப்புக் காரணம் காட்டி எழுது. ஒரே தாளில் வந்தால் ஒரு தவறுக்கு இரண்டு தண்டனை என்று சங்கம் பிடித்துக்கொள்ளும், அந்த வாதத்தில் நியாயமும் இருக்கும்.

கடிதம் கொடுக்கும் காட்சியைச் சுருக்கமாக வையுங்கள். அறையில் மூன்று பேர்: குணா, மாறன், சாட்சியாக அலுவலகக் கிராணி. கையெழுத்துப் போடுவது பெற்றுக்கொண்டதற்கு மட்டும்தான், ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று குணா விதிப்படி சொல்கிறான். மறுத்தால் கிராணி 'கொடுக்கப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்திடுவார். மாறன் மறுப்பதில்லை. படிக்கிறான், தலையசைக்கிறான், போடுகிறான். அவன் எதிர்பார்த்ததைவிட மோசமில்லை. "நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய்" என்றுகூடச் சொல்கிறான். கிராணி சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்.

பிறகு இரண்டாவது தாள்.

மாறன் அதை இரண்டு முறை படிக்கிறான். பகல் ஷிப்ட் என்றால் இரவுப் படி போயிற்று. அதைவிட, லாரி போயிற்று. லாரி போனால் வாரத் தவணை.

கிராணி வெளியே போகும்வரை காத்திருந்து கேட்கிறான்: "லாரி விஷயம் யாருக்கும் தெரியாது என்றாய்."

"தெரியாது. நான் சொல்லவில்லை."

"பிறகு இந்த யோசனை யாருக்கு வந்தது?"

குணாவிடம் பதில் இல்லை. இருக்கவும் கூடாது. அவன் இரகசியத்தைச் சொல்லவில்லை, பயன்படுத்தியிருக்கிறான். கடிதத்துக்காக மாறன் கோபப்படவில்லை, படவும் மாட்டான். தான் செய்ததற்கு வந்த காகிதம் அது. இரண்டாவது தாள், நண்பன் என்று நம்பிச் சொன்னதிலிருந்து பிறந்தது. அது ஒருவேளை அவன் உயிரையும் இரண்டு பையன்களின் உயிரையும் காப்பாற்றியிருக்கலாம் என்பது அந்த அறையில் யாருக்கும் உதவாது, ஏனென்றால் நடக்காத விபத்துக்குச் சாட்சி கிடையாது.

இங்கே நிறுத்திவிடலாம். நட்பு முறிந்ததா என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. கட்டாயம் எழுதத்தான் வேண்டும் என்றால், மாறனின் மனைவியை ஒரு முறை தொலைபேசியில் பேச வையுங்கள். அவளுக்குக் கடன் தெரியாது, கடிதமும் தெரியாது. "அண்ணே, அவரைப் பகலுக்கு மாற்றிக் கொடுத்தீர்களாமே, பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம்" என்று அவள் சொல்லட்டும். குணா என்ன பதில் சொன்னான் என்பதை நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், அது உங்கள் வேலை.

கடைசியாக ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் உங்களுக்கு வரும்: கடனுக்கு என்ன வழி, கம்பெனி முன்பணம் தராதா? தரலாம், பல தோட்டக் கம்பெனிகளில் அந்த வழக்கம் உண்டு. ஆனால் அதற்கு மாறன் விண்ணப்பம் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் காரணம் கேட்பார்கள்.